பள்ளி விட்டதும் ஏன் இந்தச் சண்டை?

"ஸ்கூல்ல தங்கமா இருக்கான்னு சொல்றீங்க டீச்சர், வீட்டுக்கு வந்தா தங்கச்சியோட ஒரே அடிதடி" என்றார் ஓர் அம்மா. பெற்றோர் கூட்டத்தில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொன்னார்.

நாள் முழுக்கக் கையைக் கட்டி, பேச்சை அடக்கி, அழுகையை விழுங்கி உட்கார்ந்திருக்கிறான். ஏழு வயதில் அது பெரும்பாடு. 12.30 மணிச் சாப்பாடு 4.30க்குள் கரைந்துவிடும். பசியும் சேர, அடக்கியதெல்லாம் தன்னை வெறுக்க மாட்டார்கள் என்று நம்பும் இடத்தில் வெடிக்கிறது.

"வாசல்லயே ஹோம்வொர்க் பத்திக் கேட்காதீங்க. முதல்ல தண்ணி, வாழைப்பழமோ சுண்டலோ. அப்புறம் அரை மணி நேரம் ஓடி விளையாடட்டும். அடிச்சா கையைப் பிடிச்சு நிறுத்துங்க. புத்திமதி ராத்திரி சொல்லிக்கலாம்."

இதற்கும் அடங்காமல் வாரக்கணக்கில் நீடித்தால், காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கு வர மறுத்தால், யாராவது சீண்டுகிறார்களா, பாடம் புரியவில்லையா என்று விசாரிக்க வேண்டும். "அப்போ என்கிட்ட வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்றார்.