விலையை ஏற்றிப் பார்க்கும் ஸ்லைடர்

அரிசியும் உளுந்தும் விலை ஏறும்போதெல்லாம் இட்லி மாவு விற்பவர் முன்னால் ஒரே கேள்விதான்: பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் கூட்டினால் தாங்குமா? முன்பெல்லாம் இதற்குக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வேறொரு தாளில் மறுபடியும் கணக்குப் போடுவார். 1979-இல் ஆப்பிள் II கணினிக்கு வந்த விசிகால்க் என்ற விரிதாள்தான் இந்த வேலையை முதலில் எளிதாக்கியது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மற்றக் கட்டங்கள் எல்லாம் தாமாக மாறின. இன்று நிறுவனங்களில் பரவலாகப் பயன்படும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ ரிப்போர்ட்டில் எண்ணைத் தட்டச்சு செய்யக்கூட வேண்டாம். திரையில் ஒரு ஸ்லைடர் இருக்கும். அதை வலது பக்கம் இழுத்தால் விலை உயரும், பக்கத்திலேயே லாபம் மாறும். ரிப்போர்ட்டை உருவாக்கியவர்தான் என்றில்லை, பார்க்கிற யாரும் இழுத்துப் பார்க்கலாம்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் பலரும் அமைக்கிற விதத்தில் அமைத்தால் இந்த ஸ்லைடர் முதலாளியைத் தவறான முடிவுக்கு இழுத்துக்கொண்டு போகும். ஒரு கணக்கை முழுதாகப் போட்டால் அது புரியும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மாவுக் கடையை வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபாய். அரிசி, உளுந்து, கவர், மின்சாரம், வண்டிச் செலவு, மளிகைக் கடைக்காரர் கமிஷன் எல்லாம் சேர்ந்து பாக்கெட்டுக்கு 38 ரூபாய் ஆகிறது. மாதம் 6,000 பாக்கெட் விற்கிறது. பாக்கெட்டுக்கு 12 ரூபாய் வீதம் 72,000 ரூபாய் கையில் நிற்கும். அதில் வாடகை, சம்பளம், கிரைண்டர் கடன் தவணை என்று விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற 45,000 ரூபாயைக் கழித்தால் லாபம் 27,000.

இனி ஸ்லைடர். பவர் பிஐ டெஸ்க்டாப்பில் Modeling என்ற பட்டியில் New parameter, அதில் Numeric range என்று தேர்ந்தெடுத்தால் ஒரு சிறு படிவம் திறக்கும். பெயருக்கு Price Increase என்று கொடுத்து, தசம எண் வகையைத் தேர்ந்து, குறைந்தது 0, அதிகபட்சம் 0.2, ஒவ்வொரு நகர்வுக்கும் 0.01 என்று நிரப்பினால் போதும். 0 முதல் 20 சதவீதம் வரை ஒவ்வொரு சதவீதமாக நகரும் ஸ்லைடர் பக்கத்தில் வந்து உட்காரும். அந்த மதிப்புகளை மட்டும் வைத்திருக்கும் ஒரு சிறு அட்டவணையையும், பார்வையாளர் நிறுத்திய இடத்தை எடுத்துத் தரும் Price Increase Value என்ற கணக்கையும் மென்பொருளே எழுதிவிடும். அந்த அட்டவணையை விற்பனை அட்டவணையோடு இணைக்கக் கூடாது, அது தனியாகவே நிற்க வேண்டும். மூல விற்பனைக் கணக்கை ஸ்லைடர் தொடுவதே இல்லை. ஆகவே யார் எப்படி இழுத்தாலும் தரவு கெடாது.

இப்போது விலையை 10 சதவீதம் ஏற்றுவோம். பாக்கெட் 55 ரூபாய், மிச்சம் 17 ரூபாய். 6,000 பாக்கெட்டுக்கு 1,02,000. நிலையான செலவு போக லாபம் 57,000. பத்தே சதவீத விலையேற்றத்தில் லாபம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது! 20 சதவீதத்துக்கு இழுத்தால் 87,000. இழுக்க இழுக்க ஏறிக்கொண்டே போகும்.

இந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை, வாங்குகிறவர்தான் இல்லை. விலை ஏறினாலும் அதே 6,000 பேர் முகம் சுளிக்காமல் வாங்குவார்கள் என்று ரிப்போர்ட் தானாக எடுத்துக்கொண்டது. அடுத்த தெருவில் 50 ரூபாய்க்கு மாவு கிடைக்கும்போது அது நடக்காது.

அதனால் இரண்டாவது ஸ்லைடர் ஒன்று கட்டாயம் வேண்டும். விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்பனை எத்தனை சதவீதம் குறையும் என்பதை அது சொல்ல வேண்டும். பொருளியலில் இதைத் தேவை நெகிழ்ச்சி என்பார்கள். Loss Rate என்ற பெயரில் அதையும் அதே வழியில், 0 முதல் 4 வரை, அரை அரையாக நகரும்படி அமைத்துக்கொண்டு லாபக் கணக்கை இப்படி எழுதலாம்:

```
New Profit =
VAR PriceUp = [Price Increase Value]
VAR QtyDown = PriceUp * [Loss Rate Value]
RETURN
SUMX (
    Sales,
    Sales[Qty] * (1 - QtyDown)
        * (Sales[Price] * (1 + PriceUp) - Sales[Unit Cost])
) - [Fixed Cost]
```

விற்பனையின் ஒவ்வொரு வரிக்கும் புது விலையில் மிச்சத்தைக் கணக்கிட்டுக் கூட்டி, கடைசியில் நிலையான செலவைக் கழிக்கிறது, அவ்வளவுதான். இதை மெஷராகத்தான் எழுத வேண்டும். அட்டவணையில் புதிய நெடுவரிசையாக எழுதினால் தரவு புதுப்பிக்கப்படும்போது கணக்கிட்ட மதிப்பே நிலைத்துவிடும். பிறகு ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் எண் அசையாது. அசையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 10 சதவீதத்துக்கு லாபம் வானளாவ எகிறினால் 0.1-க்குப் பதில் முழு எண் 10 உள்ளே போயிருக்கும், விலை 11 மடங்காகியிருக்கும்.

இரண்டாவது ஸ்லைடரை 2-இல் நிறுத்துங்கள். 10 சதவீத விலையேற்றத்துக்கு 20 சதவீத விற்பனை போய் 4,800 பாக்கெட் மிஞ்சும். லாபம் 36,600. முன்பு பார்த்த 57,000 எங்கே, இது எங்கே! ஆனாலும் இது பழைய 27,000-ஐவிட மேல்தான், விலையேற்றம் தாங்கும். மேலும் இழுத்தால் 13 சதவீதத்தில் 37,140 என்ற உச்சத்தைத் தொட்டு, 20 சதவீதத்தில் 34,200-க்கு இறங்கிவிடுகிறது. இனி 3-இல் நிறுத்துங்கள். 5 சதவீதத்தில் லாபம் 28,950, 10 சதவீதத்தில் 26,400. அதாவது ஐந்து ரூபாய் ஏற்றியும் கடைக்கு நஷ்டம்தான்.

இவற்றைவிட உதவும் எண் ஒன்று உண்டு. ஏற்றிய தொகையைப் புதிய மிச்சத்தால் வகுத்தால், எத்தனை பங்கு விற்பனை போனாலும் பழைய லாபம் நிற்கும் என்று தெரியும். இங்கே 5-ஐ 17-ஆல் வகுத்தால் சுமார் 29 சதவீதம். நெகிழ்ச்சி எவ்வளவு என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் நூறு வாடிக்கையாளரில் 29 பேர் போய்விடுவார்களா என்ற கேள்விக்குத் தினமும் கடைகளுக்கு மாவு போடுகிறவரால் ஓரளவு பதில் சொல்ல முடியும். இந்த எண்ணை ஸ்லைடருக்குப் பக்கத்திலேயே பெரிதாகக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது ஸ்லைடரை எங்கே நிறுத்துவது என்பதற்குக் கடைசியாக விலை ஏற்றியபோது முன்னும் பின்னும் விற்றதே நல்ல வழிகாட்டி. ஆனால் கல்யாண மாதத்தை அதில் சேர்க்கக் கூடாது. முதல் வாரச் சரிவை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது. கோபித்துப் போனவர்களில் சிலர் திரும்புவார்கள், சிலர் மெதுவாகத்தான் விலகுவார்கள்.

செலவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேலே 38 ரூபாயை மாறாததாக எடுத்துக்கொண்டோம். கடைக்காரர் கமிஷன் விலையில் 16 சதவீதம் என்றால், 50 ரூபாயில் 8 ரூபாயாக இருந்தது 55-இல் 8.80 ஆகும். மிச்சம் 17 அல்ல, 16.20. நெகிழ்ச்சி 2-இல் கிடைத்த 36,600 லாபம் 32,760 ஆகச் சுருங்கிவிடும். விலையோடு சேர்ந்து ஏறும் செலவுகளைத் தனியாகப் பிரித்து எழுதாத ரிப்போர்ட் எப்போதும் லாபத்தைக் கூட்டியே காட்டும்.

உங்கள் அலுவலகத்தில் இப்படியொரு ரிப்போர்ட் வந்தால், கூட்டத்தில் முடிவெடுக்கும் முன் விலை ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். லாபம் எங்கேயும் வளையாமல் ஏறிக்கொண்டே போனால், விற்பனை குறைவதை எங்கே கணக்கில் எடுத்தீர்கள் என்று அதை உருவாக்கியவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை விலைப்பட்டியலை மாற்றாதீர்கள்.