தாமதத்தை எப்படி எழுதுவது?

இணையத்தில் சேலை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். தளம் காட்டும் தினசரி விற்பனையும் பேமென்ட் கேட்வே காட்டும் வரவும் சில நாட்களில் ஒத்துப்போவதில்லை. தளத்தைச் செய்துகொடுத்த ஃப்ரீலான்சர் வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்வதாகச் சொல்லியிருந்தார். வியாழன் மாலை, வேலை முடியாது என்று தெரிந்துவிட்டது. அவர் இப்படி எழுதலாம்:

“பொருள்: விற்பனை அறிக்கைத் தவறு – காரணமும் புதிய தேதியும்

வணக்கம் சார்,

நாளை தருவதாகச் சொன்ன திருத்தம் செவ்வாய் மாலைதான் தயாராகும். மன்னிக்கவும். பணமோ ஆர்டரோ எதுவும் விடுபடவில்லை; தேதி மட்டுமே தவறு.

சர்வர் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அதை இந்திய நேரத்துக்கு மாற்றாமலே அறிக்கையை எழுதிவிட்டேன். அதனால் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை வரும் ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் விழுகின்றன.

இனி வரும் அறிக்கைகளுக்கான திருத்தம் முடிந்தது. ஏற்கெனவே சேமித்த பழைய அறிக்கைகளையும் திரும்பக் கணக்கிட்டு, கேட்வே கணக்கோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்த அவகாசம். அதுவரை ஆடிட்டருக்கு அறிக்கையை அனுப்ப வேண்டாம். சரியான தேதியிட்ட ஆர்டர் பட்டியலை இணைத்திருக்கிறேன்.”

சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அக்டோபர் 1 அதிகாலை 2.10-க்கு வந்த ஆர்டர், அங்கே செப்டம்பர் 30 இரவு 8.40 என்று பதிவாகும். நாள் மட்டுமல்ல, மாதமே மாறிவிடுகிறது. கடைக்காரருக்கு இது ஜிஎஸ்டி தலைவலி. அதனால்தான் ஆடிட்டர் பற்றிய வரி கடிதத்தில் கட்டாயம் வேண்டும்.

காரணத்தை எந்த அளவுக்குச் சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘டெக்னிக்கல் பிரச்சினை’ என்று முடித்தால் மழுப்புவதுபோல் இருக்கும்; நிரல் வரிகளை ஒட்டினால் படிக்கவே மாட்டார்கள். கடைக்காரர் தானே சரிபார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சொன்னால் போதும். மேலே உள்ள கடிதத்தைப் படித்தவர், கணக்கு உதைத்த ஒரு நாளின் ஆர்டர்களில் அதிகாலை ஐந்தரைக்கு முன் வந்தவற்றை மட்டும் கூட்டிப் பார்க்கலாம். அத்தொகையிலிருந்து முந்தைய நாளின் அதே அதிகாலை நேரத்து ஆர்டர் தொகையைக் கழித்து வருவது முந்தைய நாள் கணக்கின் வித்தியாசத்தோடு ஒத்துப்போனால் காரணம் உறுதி. இல்லையென்றால் வேறொரு தவறும் ஒளிந்திருக்கிறது. அதையும் செவ்வாய்க்கு முன்பே கண்டுகொள்ளலாம்.

புதிய தேதியைக் குறிப்பதிலும் கவனம் தேவை. பழைய அறிக்கைகளை நேரடியாகத் திருத்தாமல், முதலில் ஒரு நகலில் ஓட்டி, ஒரு மாதத்துக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தேதி சொல்ல வேண்டும். கோபத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்த ‘நாளைக்கே’ என்று எழுதினால், நாளை மறுநாள் இன்னொரு மன்னிப்புக் கடிதம் எழுத நேரும்.