கல்லூரி விழாவுக்கு ஒரு கையடக்க ஹேஷ்டேக்

திருச்சி என்.ஐ.டி.யின் கலைவிழாவுக்குப் பெயர் ஃபெஸ்டெம்பர். செப்டம்பரோடு ஃபெஸ்ட் சேர்ந்துவிட்டது. #Festember என்று எழுத வேறு வழி யாருக்கும் தோன்றாது. சென்னை ஐ.ஐ.டி.யின் #Saarang அப்படியல்ல. காதால் மட்டும் கேட்டவர் ஒரு a-வை விட்டுவிட்டு #Sarang என்று அடித்தால் அந்தப் படம் விழாப் பக்கத்தில் சேராது.

தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். மதுரையில் ஒரு கல்லூரி தன் விழாவுக்கு ‘முழக்கம்’ என்று பெயர் வைப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பீரமான பெயர்தான். ஆனால் ஆங்கிலத்தில் #Muzhakkam, #Mulakkam, #Muzakam என்று ஆளுக்கொன்றாக அடிப்பார்கள். ‘உறுமி’ என்றால் தமிழிலேயே ‘உருமி’ ஆகிவிடும். போதாக்குறைக்கு, அதே பெயரில் ஒரு மலையாளப் படமும் இருக்கிறது. ‘கொம்பு’ சரிப்படுமா? #Kombu என்று தேடினால் ஜப்பானியர் சூப்பில் போடும் கடற்பாசிதான் வந்து நிற்கும்!

‘குலவை’ தேறுகிறது. மதுரைக்காரர்களுக்குப் பழகிய ஒலி. ழகரம் இல்லை, ஒற்று இல்லை. எனவே ஆங்கிலத்தில் பெரும்பாலும் Kulavai என்றுதான் எழுதுவார்கள். தமிழில் க, உகரக் குறி, ல, வ, ஐகாரக் குறி என ஐந்தே தட்டல். ‘கலைத்திருவிழா’வுக்குப் பதின்மூன்று வேண்டும். அதிலும் நடுவில் வரும் ‘த்’தைப் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள்.

வெறும் ‘குலவை’ என்றால் ஊர்த் திருவிழாப் படங்களோடு கலந்துவிடும். ஆண்டைச் சேர்த்தால் போதும்: #குலவை26, #Kulavai26. போஸ்டர் ஓவியருக்குப் பிடித்த #Kulavai'26 மட்டும் வேண்டாம். மேற்கோள் குறி வந்த இடத்தில் டேக் அறுந்து, 26 வெளியே நிற்கும். சிறுகோடும் இடைவெளியும் அப்படியே.

தமிழுக்கே உரிய வம்பு ஒன்று உண்டு. ‘#குலவை26இல் சந்திப்போம்’ என்று வேற்றுமை உருபை ஒட்டி எழுதினால் ‘இல்’லும் டேக்கில் சேர்ந்து, அது வேறொரு டேக்காகிவிடும். இலக்கணம் சரி, இணைப்பு தவறு. வாக்கியத்தை முடித்துவிட்டுக் கடைசியில் தனியாகப் போடுவதே நல்லது.

தமிழ் டேக்கும் ஆங்கில டேக்கும் தாமாக ஒன்று சேராது. விழாக்குழுவின் ஒவ்வொரு பதிவிலும் இரண்டும் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம்: பத்து நண்பர்களிடம் போனில் பெயரைச் சொல்லி, எழுத்துக் கூட்டாமல், இரு மொழியிலும் அடித்து அனுப்பச் சொல்ல வேண்டும். மூன்று பேர் வேறு மாதிரி அனுப்பினால், போஸ்டர் அச்சுக்குப் போகும் முன்பே வேறு பெயர் தேடுவதுதான் மலிவு.