250 வார்த்தைக்குள் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வு

“ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது.” ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் நம்மில் பலர் கேட்டிருக்கும் உத்தரவு இது. தனிச் சிக்கல் ஏதும் இல்லாதவர்கள் மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான் மயக்கவியல் வழிகாட்டுதல். உத்தரவு வார்டில் நிலைத்துவிட்டதால், மதியம் தியேட்டருக்குப் போகிறவரும் நா வறண்டு காத்துக்கிடக்கிறார்.

ஒரு மருத்துவக் குழு இதை மாற்றிப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். முதலில் 100 நோயாளிகள் எவ்வளவு நேரம் தண்ணீரின்றி இருந்தார்கள் என்று குறித்தார்கள். பிறகு, ஆபரேஷன் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொருவரும் எத்தனை மணிவரை குடிக்கலாம் என்று நர்ஸ் கட்டிலருகே எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்து, அடுத்த 100 பேரைக் கவனித்தார்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. இந்தக் குழு மாநாட்டு மேடையில் பேச வேண்டுமானால், முதலில் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும். வரம்பு பெரும்பாலும் 250 வார்த்தை. பல மாநாடுகளில் எழுதியவர் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் மறைத்துத்தான் மதிப்பீட்டாளரிடம் கொடுப்பார்கள். மேடைப் பேச்சா, சுவரில் போஸ்டரா, இரண்டும் இல்லையா என்பதை அந்தப் பத்தி மட்டுமே முடிவுசெய்யும்.

முதல் வரைவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை, பாதி இடத்தைப் பின்னணியே விழுங்கிவிடுவது. பட்டினியின் தீமைகள், உலக வழிகாட்டுதல்கள் என்று 120 வார்த்தை ஓடியிருக்கும். கடைசியில் ‘முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததும் மதிப்பீட்டாளர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அவருக்குப் பின்னணி தெரியும். என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதுதான் தெரியாது.

ஆகவே, முடிவுகளை முதலில் எழுதுங்கள். அதற்கு 110 வார்த்தை ஒதுக்கலாம். செய்த முறைக்கு 70, பின்னணிக்கும் நோக்கத்துக்கும் சேர்த்து 40, முடிவுரைக்கு 30. வரைவில் இப்படி ஒரு வாக்கியம் வந்திருக்கும்: ‘எங்கள் ஆய்வில், புதிய நடைமுறையைக் கொண்டுவந்த பிறகு நோயாளிகள் பட்டினி இருந்த நேரம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருப்பது கண்டறியப்பட்டது.’ 14 வார்த்தை, ஓர் எண்கூட இல்லை. ‘தண்ணீரின்றி இருந்த நேரம் 11 மணி நேரத்திலிருந்து 5 மணி நேரமாகக் குறைந்தது’ என்றால் 10 வார்த்தை, விஷயமும் வந்துவிட்டது. மிச்சமான நான்கில், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிடலாம். அனுப்புவது ஆங்கிலத்தில் என்றாலும் வெட்ட வேண்டிய சதை இதேதான்.

அந்த 11 சராசரி அல்ல. யாரோ ஒருவருடைய ஆபரேஷன் தள்ளிப்போய், மறுநாள் மாலைவரை அவர் காத்திருந்தால், அந்த ஒருவரே சராசரியை மேலே இழுத்துவிடுவார். அதனால் எல்லாரையும் நேர வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் அளவைச் சொல்கிறார்கள். அதோடு, நடுப்பகுதியில் உள்ள பாதிப் பேர் எந்த எல்லைக்குள் இருந்தார்கள் என்பதையும் அடைப்புக்குள் தர வேண்டும். பி மதிப்பை மட்டும் போட்டுவிட்டு, எவ்வளவு குறைந்தது என்பதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்பதைத்தான் பி மதிப்பு சொல்லும். நோயாளிக்கு எத்தனை மணி நேரத் தாகம் மிச்சமானது என்பதைச் சொல்லாது.

இடம் போதவில்லை என்றதும் பலர் முதலில் வெட்டுவது பாதகமான தகவலைத்தான். தண்ணீர் குடித்ததால் ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் முதல் கட்டத்தில் ஒருவர், இரண்டாவதில் இரண்டு பேர் என்றால், அது இருந்தே ஆக வேண்டும். மேடையில் வரும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

முடிவுரையில் ‘இந்த முறை பாதுகாப்பானது’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போவது மிக அரிதான விபத்து. 200 பேரில் ஒருவருக்கும் அது நேராததை வைத்துப் பாதுகாப்பை நிரூபிக்க முடியாது. தாகம் காத்த நேரம் குறைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முன்பும் பின்பும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால், இடையில் தியேட்டர் அட்டவணை மாறியிருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் மதிப்பீட்டாளரின் நம்பிக்கை கூடும்.

அனுப்புவதற்கு முன், ஆய்வில் இல்லாத வார்டு நர்ஸ் ஒருவரிடம் முடிவுகள் பகுதியை மட்டும் காட்டி, என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் விளக்காத சுருக்கெழுத்தோ, எத்தனை பேரில் என்று சொல்லாத சதவீதமோ இருக்கும். வார்த்தைகளை மாநாட்டின் இணையப் படிவத்திலேயே எண்ணிப் பாருங்கள். உங்கள் கணினி காட்டும் எண்ணும் படிவம் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாமல் போகலாம். தலைப்பு கணக்கில் சேருமா என்பதும் மாநாட்டுக்கு மாநாடு மாறும்.

மேடை கிடைத்தால், அதற்குள் மேலும் நோயாளிகள் சேர்ந்து 5 மணி நேரம் 6 ஆகியிருக்கக்கூடும். அச்சான சுருக்கத்தில் 5 என்றுதான் இருக்கும். முடிவுகளைக் காட்டும் முதல் ஸ்லைடிலேயே இரண்டு எண்களையும் போட்டு, ஏன் மாறியது என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டும்.