செயலி செய்யப் பணம் போடும் முன் பிறர் செயலிகளின் கருத்துரைகளைப் படியுங்கள்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், வேளாண் பட்டம் முடித்த இளைஞர்களும் இப்போது சொந்தமாகச் செல்போன் செயலி உருவாக்க ஆர்வம் காட்டுகிறார்கள். திட்ட அறிக்கையைப் புரட்டினால் சந்தை விலை, வானிலை, நோய் கண்டறிதல், மானியத் தகவல், இயந்திர வாடகை என்று இருபது வசதிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கின்றன. உறுப்பினர்களின் பங்குத் தொகையில் சில லட்சங்களைச் செலவிட்டு, இருப்பதையே மறுபடி செய்தால் யாரும் பதிவிறக்க மாட்டார்கள். எனவே வசதிகளின் பட்டியலை எழுதும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் மணிலாவை வைத்தே அதைப் பார்ப்போம்.

ஏற்கெனவே களத்தில் இருப்பவை

முதலில் போட்டியாளர்களைப் பட்டியலிடுங்கள். தமிழக அரசின் உழவன் செயலி 2018 முதல் இயங்குகிறது. மானியத் திட்டங்கள், உரம் மற்றும் விதை இருப்பு, இயந்திர வாடகை, சந்தை விலை எல்லாம் அதில் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை பங்கேற்ற மேகதூத் செயலி 2019-இல் வந்தது. அது மாவட்ட அளவிலான வேளாண் வானிலை அறிவுரையை வாரத்தில் செவ்வாய், வெள்ளி என இரு நாள் தருகிறது. ஜெர்மனியில் தொடங்கிய பிளான்டிக்ஸ், இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்கிறது.

செயலி அல்லாத போட்டியாளர்களும் உண்டு. சந்தைக்குப் போன பக்கத்து நிலத்துக்காரர், வியாபாரி, ஊர் வாட்ஸ்அப் குழு, 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண் ஆகிய எல்லாமே உங்களுக்குப் போட்டிதான். விவசாயி இன்று எந்த வழியில் வேலையை முடிக்கிறாரோ, அதைவிட உங்கள் செயலி எளிதாக இருக்க வேண்டும்.

நட்சத்திரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

அடுத்து, நான்கு செயலிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் புதிய கருத்துரைகள் நூறு படியுங்கள். கூகுள் பிளே ஸ்டோர் முதலில் காட்டுவது Most relevant என்ற வரிசையை. அதை Newest என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எப்போதோ சரிசெய்யப்பட்ட குறைகளையும் இன்றைய குறை என்று எண்ணிக்கொள்வீர்கள். செயலி கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய புகார் இன்றும் உண்மையா என்பதை, செயலியை உங்கள் போனில் இறக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து நட்சத்திரத்தில் 'சூப்பர்', ஒரு நட்சத்திரத்தில் 'வேஸ்ட்' என்று ஒற்றைச் சொல்லே அதிகம் இருக்கும். ஒரே வாரத்தில் ஒரே மாதிரிச் சொற்களில் குவிந்த பாராட்டை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரம் தந்தவர்களை நிதானமாகப் படியுங்கள். அவர்கள் செயலியை உண்மையில் பயன்படுத்தி, எந்த இடத்தில் தடை வந்தது என்றும் எழுதியிருப்பார்கள்.

ஒவ்வொரு கருத்துரைக்கும் நோட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். எழுதியவர் என்ன வேலைக்காகச் செயலியைத் திறந்தார், எந்தக் கட்டத்தில் நின்றது, பிறகு வேறு எப்படி முடித்தார் என்ற மூன்றை மட்டும் குறித்தால் போதும். இரண்டு பேர் தனித்தனியே குறித்துவிட்டு ஒப்பிட்டால், ஒருவர் தன் விருப்பத்தைக் கருத்துரையின் மேல் ஏற்றுவது குறையும்.

ஒரு புகார், நான்கு காரணங்கள்

கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 400 கருத்துரைகளில் 160 வெறும் பாராட்டு அல்லது திட்டு. 120 பேர் ஓடிபி வரவில்லை, செயலி திறக்கவில்லை என்கிறார்கள். இது அந்தச் செயலியின் பழுது. நாளை அவர்கள் சரிசெய்துவிட்டால் உங்களுக்கு இடமில்லை. அதனால் இதை இடைவெளி என்று எண்ணக் கூடாது. மிஞ்சுவது 120. அதில் 42 பேர் ஒன்றையே சொல்கிறார்கள்: 'செயலியில் ஒரு விலை, சந்தையில் ஒரு விலை'.

இங்கே அவசரப்படுபவர்கள் 'சரியான விலை தரும் செயலி' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். நம் பகுதியைத் தெரிந்தவர் அந்த 42 வரிகளையும் காரணத்தின்படி மறுபடி பிரிப்பார்.

முதல் காரணம், அலகு. அரசின் சந்தை விலைப் பதிவு குவிண்டால் கணக்கில், அதாவது 100 கிலோவுக்கு இருக்கும். விழுப்புரம் பக்கம் மணிலா பேசப்படுவது 80 கிலோ மூட்டையில். செயலியில் 9,000 ரூபாய் என்று பார்த்தவர், மூட்டைக்கு 7,200 ரூபாய் கிடைத்ததும் ஏமாற்றம் என்று நினைக்கிறார். இரண்டும் ஒரே விலைதான்.

இரண்டாவது, பெயர். நிலக்கடலைக் காய்க்கும் பருப்புக்கும் விலை வேறு. அவை தனித்தனிப் பெயர்களில் பதிவாகின்றன. நம் விவசாயியோ 'மணிலா' என்பார், வீட்டில் 'மல்லாட்டை' என்பார். தேடும் பெட்டியில் இந்தச் சொற்களை இட்டால் சரியான வரி வருகிறதா என்று ஒவ்வொரு செயலியிலும் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நாள். திரையில் இருப்பது நேற்றைய அல்லது அதற்கும் முந்தைய விலையாக இருக்கலாம். தேதி சிறிய எழுத்தில் இருந்தால் யாரும் பார்ப்பதில்லை.

நான்காவது, தரம். பதிவில் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை என மூன்று இருக்கும். கண்ணில் படுவது அதிக விலை. ஈரமும் சுருங்கிய பருப்பும் உள்ள சரக்கு அந்த விலைக்குப் போகாது.

நம் கணக்கில் அலகுக்கு 12, பெயருக்கு 9, நாளுக்கு 11, தரத்துக்கு 10 என்று பிரிந்தால், 42 பேரின் ஒரே கோபம் நான்கு தனித்தனி வேலைகளாகிவிடுகிறது. முதல் இரண்டையும் சிறு மாற்றத்தில் தீர்க்கலாம். மூன்றாவதற்கு ஆள் வேண்டும். நான்காவதைச் செயலி தீர்க்காது. மூட்டையைத் திறந்து பார்க்கும் வியாபாரியின் கையில்தான் அது இருக்கிறது.

கருத்துரையில் எழுதப்படாதது

கருத்துரைக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. இருக்கும் வசதியைப் பற்றித்தான் அதில் எழுதுவார்கள். செயலியையே இறக்காதவரும், பட்டன் போன் வைத்திருப்பவரும் அதில் இல்லை. எனவே நோட்டை எடுத்துக்கொண்டு விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்குப் போய் 15 பேரிடமாவது பேசுங்கள்.

'இப்படி ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லோரும் 'ஆமாம்' என்பார்கள். 'கடைசியாகச் சரக்கு ஏற்றியதற்கு முந்தைய நாள் இரவு யாருக்கு போன் செய்தீர்கள், என்ன கேட்டீர்கள்?' என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது பதில் நேராக வரும்.

அப்படிக் கேட்டால் விலைக்கு முன்பே வரும் கேள்வி ஒன்றுண்டு: 'நாளைக்குக் கொண்டுவந்தால் நாளைக்கே எடைக்கு வருமா?' அறுவடைக் காலத்தில் வரத்து மிகுந்தால் மூட்டைகள் தேங்குவதும், ஏலமும் எடையும் மறுநாளுக்குத் தள்ளிப்போவதும் இப்பகுதியில் தெரிந்த சங்கதி. கூட்டேரிப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் திண்டிவனத்துக்கும் போகலாம், விழுப்புரத்துக்கும் போகலாம். 20 மூட்டை வைத்திருக்கும் அவருக்கு விழுப்புரத்தில் மூட்டைக்கு 100 ரூபாய் கூடுதல் என்றால் 2,000 ரூபாய் லாபம். கூடுதல் வண்டி வாடகை 800 என்றும், ஒரு நாள் காத்திருப்பதில் சாப்பாடு, கூலி, வண்டி நிறுத்தம் சேர்த்து 1,500 என்றும் வைத்தால் செலவு 2,300. அதிக விலையைத் தேடிப் போனவருக்கு 300 ரூபாய் நட்டம். விலையை மட்டும் காட்டும் செயலி இவரைத் தவறான சந்தைக்கு அனுப்பிவிடும்.

அப்படியானால் தேட வேண்டிய இடைவெளி இதுதான்: இன்று வந்த மூட்டை எவ்வளவு, அதில் விற்காமல் நிற்பது எவ்வளவு, 80 கிலோ மூட்டையின் விலை என்ன என்ற மூன்றும் மாலைக்குள் விவசாயி கையில் சேர வேண்டும்.

இடம் ஏன் காலியாக இருக்கிறது?

காலியாக இருக்கும் எல்லா இடமும் விதைக்கத் தகுந்த நிலமல்ல. சில இடங்கள் களர் என்பதாலேயே காலியாக இருக்கும். 'அடுத்த வார விலையைச் சொல்லுங்கள்' என்று கருத்துரைகளில் பலர் கேட்பார்கள். சொன்ன விலை தவறினால் உங்கள் பெயர் போய்விடும். அதைத் தொடாதீர்கள்.

மூட்டை வரத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி உண்டு. அந்த எண்ணைத் தினமும் யார் தருவார்? விற்பனைக் கூடக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். இல்லையேல் நிறுவனத்தின் ஆள் ஒருவர் இரு கூடங்களிலும் நின்று எண்ண வேண்டும். அவர் இரண்டு நாள் வராவிட்டால் உங்கள் செயலியும் பழைய எண்ணைக் காட்டும் இன்னொரு செயலியாகிவிடும். அவரது ஆண்டுச் சம்பளத்தையும் திட்டச் செலவில் சேர்த்துப் பாருங்கள்.

சோதனைக்குச் செயலியே தேவையில்லை. 50 உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில், 30 சந்தை நாட்களுக்கு, மாலை ஏழு மணிக்கு இந்த மூன்று எண்களையும் அனுப்புங்கள். பட்டன் போன்காரர்களுக்கு அதையே குறுஞ்செய்தியாக அனுப்பலாம். செய்தி தாமதமானால் எத்தனை பேர் போன் செய்து கேட்கிறார்கள், அதைப் பார்த்து நாளையோ சந்தையையோ எத்தனை பேர் மாற்றினார்கள் என்ற இரண்டையும் குறித்து வாருங்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் மாற்றவில்லை என்றால், சில ஆயிரம் ரூபாய்ச் செலவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேட்டார்கள், மாற்றினார்கள் என்றால் மட்டும் திட்டத்தை எழுதுங்கள். அதில் மூன்றே வசதிகள் போதும்: வரத்தும் தேக்கமும், தேதி பெரிதாகத் தெரியும் 80 கிலோ மூட்டை விலை, வண்டி வாடகை கழித்துக் கையில் நிற்பது எவ்வளவு என்ற கணக்கு. நோய்க்கும் மழைக்கும் மானியத்துக்கும் இருக்கும் செயலிகளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன் உங்கள் செயலிக்கு வந்த இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துரைகளையும் இதே நோட்டில், இதே மூன்று கேள்விகளோடு பிரித்துப் பாருங்கள்.