இரண்டாவது முறை செல்ஃப் அடிக்காதீர்கள்

போன மழைக்கு என் பக்கத்து வீட்டுக்காரர் மாம்பலம் பக்கம் ஒரு சப்வேயில் மாட்டிக்கொண்டார். முன்னால் போன பஸ் தாண்டிவிட்டதே என்ற தைரியத்தில் காரை இறக்கியிருக்கிறார். பஸ் கிளப்பிய அலை பானெட் மேல் ஏறியது, வண்டி ஆஃப். பின்னாலிருந்து ஹாரன் அலறவே, பதற்றத்தில் நாலு தடவை செல்ஃப் அடித்தார். மூன்றாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம். கையில் இருந்தது ஃபுல் இன்சூரன்ஸ். ஆனாலும் என்ஜினுக்குக் கம்பெனி காசு தரவில்லை.

சைலன்சர் வழியாகத் தண்ணீர் போய்விடும் என்றுதான் பலருக்கும் பயம். என்ஜின் ஓடும்வரை வெளியே தள்ளும் புகையே அங்கே தண்ணீரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆபத்து முன்பக்கம், காற்றை உறிஞ்சும் குழாயில். பல கார்களில் அதன் வாய் ஹெட்லைட் உயரத்தில்தான் இருக்கிறது. அது முங்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்க, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. சில சமயம் என்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு.

மெதுவாகப் போகும்போது வண்டி தானாக நின்றிருந்தால் பெரும்பாலும் ராடு பிழைத்திருக்கும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் ஓடிவிட வாய்ப்புண்டு. அதைக் கெடுப்பது அடுத்து அடிக்கும் செல்ஃப். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே பாவம்தான். சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வசதியுள்ள வண்டி என்றால், தண்ணீருக்குள் இறங்கும் முன்பே அந்த பட்டனை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் வண்டியே செல்ஃப் அடித்துவிடும்.

இனி பாலிசி. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸில் புயலும் வெள்ளமும் பெயர் சொல்லியே அடங்கியிருக்கின்றன. வீட்டு வாசலில் நின்ற கார் முங்கினால் சீட், ஒயரிங், எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றுக்கும் கேட்கலாம். ஆனால் அதே பாலிசியில் யாரும் படிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. பழுதான வண்டியை ரிப்பேர் பார்க்காமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளர் தலையில். மெக்கானிக்கல் பிரேக்டவுனும், ஒரு சேதத்தின் பின்விளைவாக வரும் நஷ்டமும் கணக்கில் சேராது. ராடு வளைந்திருப்பதைக் கண்டதும் சர்வேயர் கை வைப்பது இந்த வரிகளில்தான்: தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால், ராடு வளைந்தது நீங்கள் செல்ஃப் அடித்ததால். இதை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போனவர்கள் உண்டு, ஆனால் அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 'என்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவர். பெரும்பாலும் அதிக வயதாகாத வண்டிகளுக்கே தருகிறார்கள். அதிலும், தண்ணீர் வடிந்தபின் வண்டியைத் தாமதிக்காமல் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாவிட்டால் சிக்கல். 'பம்பர் டு பம்பர்' எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது தேய்மானக் கழிவை நீக்குவதற்கான கவர், என்ஜினுக்கானது அல்ல.

அந்தக் கழிவு எவ்வளவு? மூன்றரை வயதுள்ள 1200 சிசி கார், கிளெய்ம் ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் உலோக பாகம் 80,000 ரூபாய், பிளாஸ்டிக், ரப்பர் பாகம் 15,000, கூலி 25,000. அந்த வயதுக்கு உலோகத்தில் 25 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பரில் பாதியும் கழிப்பார்கள். அதுவே 27,500. கட்டாயமாகக் கழியும் 1,000 ரூபாயையும் சேர்த்தால் உங்கள் பங்கு 28,500. 'பம்பர் டு பம்பர்' இதில் பெரும்பகுதியைக் காப்பாற்றும்.

வண்டி நின்றுவிட்டால் இக்னிஷனை அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஆள் வைத்து மேட்டுக்குத் தள்ளுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் வண்டியை விட்டு இறங்கிவிடுவதே புத்தி. தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று தெரியும்படி போட்டோ எடுத்து, கம்பெனிக்கு அப்போதே போன் செய்து, ரெக்கவரி வண்டியை வரவழையுங்கள். சர்வேயர் வரும்வரை என்ஜினைப் பிரிக்க மெக்கானிக்கை விடாதீர்கள். ஏர் ஃபில்டரின் ஈரமும், பால் கலந்த காபி போல மாறிய ஆயிலும் உங்கள் தரப்புச் சாட்சிகள்.

நடுரோட்டில் நின்ற வண்டியை அப்படியே விட்டுவிட்டும் போக முடியாது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 201-ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. 127-ஆம் பிரிவின்படி போலீஸ் இழுத்துப் போனால் அந்தச் செலவும் உரிமையாளருடையது. மழைக்காலத்தில் இந்தச் சட்டம் கொஞ்சம் நெகிழ்வதும் உண்டு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அப்படி எதுவும் இல்லை என்று போலீஸே சொன்னது.