செயற்கை நுண்ணறிவுக் காட்சிகளில் கதைமாந்தரின் தோற்ற ஒருமை

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைக்கு விடியற்காலை மின்தொடர் வண்டியில் செல்லும் பெண் தொழிலாளி ஒருத்தியின் சிறுகதையை ஐந்து காட்சிகளாக உருவாக்குவதாகக் கொள்வோம். ‘முப்பது வயது, இடப்பக்க மூக்குத்தி, வலப்புருவத்தில் தழும்பு’ என்னும் விவரணையை ஐந்து முறை அளித்தாலும் ஐந்து வேறு பெண்களே தோன்றுவர். டிஃப்யூஷன் மாதிரி ஒவ்வொரு படத்தையும் தற்செயல் இரைச்சலிலிருந்து தொடங்குகிறது. சொற்களோ ஒரு வகையினரைச் சுட்டுமேயன்றி ஒருத்தியைச் சுட்டா. `seed` எண்ணை மாற்றாது வைப்பதும் போதாது. நடைமேடை ஆலைவாயிலானதும் முகமும் மாறிவிடும்.

2022இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த ட்ரீம்பூத் முறை, மூன்று முதல் ஐந்து படங்களைக் கொண்டு மாதிரிக்கு மறுபயிற்சி அளித்து, ஒரு முகத்தை அரிய குறிச்சொல் ஒன்றுடன் பிணைக்கிறது. கற்பனை மாந்தருக்கு ஒளிப்படம் இல்லை. ஆகவே முதலில் தோன்றிய ஒரு முகத்தைத் தேர்ந்து, அதனையே மேற்கோட்படமாகக் கொடுத்துப் பிற கோணங்களைப் பெறவேண்டும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. எல்லாப் படங்களிலும் அவள் நீலச் சீருடையில் நின்றால், சீருடையும் முகத்தின் பகுதியாகப் பதிந்து, வீட்டுச் சமையலறையிலும் அதையே அணிந்திருப்பாள். உடையும் பின்னணியும் ஒளியும் படத்துக்குப் படம் மாறுபடவேண்டும். பயிற்சியில் படங்களை இடவலமாகத் திருப்பும் அமைப்பையும் நிறுத்தவேண்டும். இல்லையெனில் மூக்குத்தி பக்கம் மாறும். முகங்களை மட்டும் வெட்டி வரிசையாக வைத்தால் இப்பிழை உடனே புலப்படும். முழுக் காட்சியில் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும்.